ஐந்து லட்சத்தை ஹோம் லோனில் கட்டுவதா, ஃபண்டில் போடுவதா: 180 மாதக் கணக்கு

கேள்வி: கோத்தகிரில சொந்த வீடு. ஹோம் லோன் பாக்கி 25 லட்சம், ஃப்ளோட்டிங் வட்டி 8.4%, இன்னும் 15 வருஷம், இஎம்ஐ 24,472. தனியார் ஸ்கூல்ல வேலை, புது வரி முறை. கூடவே ஒரு ஏக்கர் தேயிலை. இப்ப கையில 5 லட்சம் வந்திருக்கு. பேங்க்ல கேட்டா, லோன்ல கட்டுங்க, 9 லட்சம் வட்டி மிச்சம்ங்கிறாங்க. ஃபண்ட் ஏஜெண்ட், 15 வருஷத்துல இது 24 லட்சம் ஆயிடும்ங்கிறார். யார் சொல்றத நம்புறது?

பதில்:

இரண்டு பேர் சொன்னதும் சரியான எண்கள்தான். ஆனால் ஒன்றை ஒன்றோடு வைத்து ஒப்பிட முடியாத எண்கள். 24 லட்சம் என்பது பதினைந்து வருடம் கழித்துக் கையில் இருக்கும் தொகை. 9 லட்சம் என்பது வழியில் கட்டாமல் விட்ட வட்டியின் கூட்டல். அந்தக் கூட்டலுக்குப் பிறகு உங்கள் கையில் எவ்வளவு இருக்கும் என்று வங்கி சொல்லவில்லை.

முதலில் வங்கியின் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். இப்படியே கட்டிக்கொண்டு போனால் 180 மாதத்தில் மொத்தம் சுமார் 44.05 லட்சம் கட்டுவீர்கள். அதில் வட்டி மட்டும் 19.05 லட்சம். இன்று 5 லட்சம் கட்டி, இஎம்ஐயை அதே 24,472-ஆக வைத்துக்கொண்டால் லோன் 122-வது மாதத்தில் முடிந்துவிடும். 58 மாதம் குறைகிறது. கட்டும் வட்டி 9.78 லட்சமாக இறங்குகிறது. வித்தியாசம் 9.27 லட்சம். வங்கி சொன்னது இதுதான்.

இதே 5 லட்சத்தைக் கட்டிவிட்டு, மாதங்களைக் குறைக்க வேண்டாம், இஎம்ஐயைக் குறையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். இஎம்ஐ 19,578-ஆகும், லோன் பழையபடி 180 மாதம் ஓடும். இப்போது வட்டி மிச்சம் வெறும் 3.81 லட்சம். அதே பணம், அதே வங்கி, அதே வட்டி விகிதம். மிச்சம் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. இதைப் பார்த்துவிட்டு, காலத்தைக் குறைப்பதுதான் லாபம், இஎம்ஐயைக் குறைப்பது நஷ்டம் என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. இரண்டாவது வழியில் மாதம் 4,894 ரூபாய் இன்றிலிருந்தே உங்கள் பையில் தங்குகிறது. முதல் வழியில் அந்தப் பணமும் ஒவ்வொரு மாதமும் லோனுக்குள்ளேயே போகிறது. கூடுதலாக உள்ளே போட்டால் கூடுதலாக வட்டி மிஞ்சத்தான் செய்யும். ரூபாய்க்கு ரூபாய் பார்த்தால் இரண்டிலும் உங்கள் பணம் சம்பாதிப்பது 8.4% மட்டுமே. ஆகவே ‘வட்டி மிச்சம்’ என்ற கூட்டுத்தொகையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அது லாபத்தை அளக்கவில்லை, பணம் எத்தனை மாதம் உள்ளே இருந்தது என்பதையும் சேர்த்து அளக்கிறது.

8.4% என்பது வருடக் கணக்கு. வங்கி மாதாமாதம் 0.7% போடுவதால், ஆண்டுக்கு ஒருமுறை கூட்டும் கணக்கில் அது 8.73% ஆகிறது. புதிய வரி முறையில், நீங்கள் குடியிருக்கும் வீட்டின் லோன் வட்டிக்குக் கழிவு கிடையாது. அதனால் இந்த 8.73 முழுவதும் உங்களுக்கே. கட்டாத வட்டிக்கு யாரும் வரி கேட்கப் போவதில்லை. வரி போக, ரிஸ்க் இல்லாமல் 8.73% தரும் முதலீடு வேறு எங்காவது இருக்கிறதா என்பதுதான் ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இனி நேர்மையான ஒப்பீடு. இரண்டு வழியிலும் உங்கள் பையிலிருந்து போகும் பணம் ஒன்றாக இருக்க வேண்டும்: இன்று 5 லட்சம், பிறகு 180 மாதமும் 24,472. முதல் வழியில் 5 லட்சத்தை லோனில் கட்டுகிறீர்கள். 122-வது மாதம் லோன் முடிகிறது. கடைசித் தவணை சுமார் 16,700 மட்டுமே. அந்த மாத மீதியையும், அடுத்த 58 மாதமும் கட்டியிருக்க வேண்டிய 24,472-ஐயும் அதே ஃபண்டில் போடுகிறீர்கள். இரண்டாவது வழியில் 5 லட்சத்தை இன்றே ஃபண்டில் போட்டுவிட்டு, லோனை 180 மாதமும் கட்டுகிறீர்கள். 180-வது மாதக் கடைசியில் இரண்டு வழியிலும் லோன் இல்லை. அன்று ஃபண்டில் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விடை. லோன் முடிந்த பிறகு வரும் 58 மாதத்தைக் கணக்கில் சேர்க்காத எந்த ஒப்பீடும் அரைக் கணக்குதான்.

ஃபிக்சட் டெபாசிட்டை முதலில் தள்ளிவிடலாம். தாராளமாக 7% வட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டல், பதினைந்து வருடமும் அதே விகிதம், வரி ஒரு பைசா இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 5 லட்சம் 14.16 லட்சமாகும். லோனில் கட்டிவிட்டு, கடைசி 58 மாத இஎம்ஐயை அதே 7 சதவீதத்தில் போட்டுவந்தால் 16.92 லட்சம். லோனில் 8.4 கொடுத்துக்கொண்டே பக்கத்தில் 7 வாங்குவதில் ஒரே அர்த்தம்தான் உண்டு: அவசரத்துக்குப் பணம் எடுக்கலாம் என்பது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பங்குச் சந்தை ஃபண்டுக்கு வருவோம். ஏஜெண்டின் 24 லட்சம், வருடம் 11% என்ற அனுமானம். அது வரிக்கு முந்தைய தொகை. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டின் லாபத்துக்கு, ஆண்டுக்கு 1.25 லட்சம் போக, 12.5% வரி, செஸ் சேர்த்தால் 13%. மொத்தத்தையும் ஒரே வருடத்தில் விற்றால் வரி 2.3 லட்சம் அளவுக்கு வரும், கையில் 21.62 லட்சம் நிற்கும். அதே 11 சதவீதத்தில் லோன் வழி, வரி போக 18.12 லட்சம் தரும். ஃபண்ட் ஜெயிக்கிறது, 3.5 லட்சம் வித்தியாசத்தில். ஆனால் ஏஜெண்ட் காட்டிய 24-க்கும் வங்கி காட்டிய 9-க்கும் நடுவே தெரிந்த 15 லட்சம் பள்ளம் எங்கே போனது என்று பாருங்கள். இந்த 3.5 லட்சமும் பதினைந்து வருடம் கழித்து வரும் பணம். விலைவாசி ஆண்டுக்கு 5% ஏறினால் இன்றைய மதிப்பில் சுமார் 1.7 லட்சம்தான்.

ஃபண்ட் 8% மட்டும் தந்தால்? ஃபண்ட் வழி 14.61 லட்சம், லோன் வழி 17.03 லட்சம். 6% தந்தால் ஃபண்ட் வழி 11.24, லோன் வழி 16.33. இரண்டும் சமமாகும் இடம் சுமார் 9.4%. அதற்கு மேல் தந்தால் ஃபண்ட், கீழே தந்தால் லோன். ஒவ்வொரு வருடமும் 1.25 லட்சம் வரம்புக்குள் லாபத்தை எடுத்துத் திரும்பப் போட்டுவரும் பழக்கம் உள்ளவருக்கு வரி பெரும்பாலும் வராது, அவருக்கு அந்த எல்லை ஒன்பதுக்குச் சற்றுக் கீழே இறங்கும். உங்களிடம் ஏஜெண்ட் விற்பது ரெகுலர் பிளான் என்றால் எதிர்ப்பக்கமாக யோசிக்க வேண்டும். கமிஷன் உள்ளே இருப்பதால் அதே ஃபண்டின் டைரக்ட் பிளானைவிட ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறையக்கூடும். 11 என்பது 10 ஆனாலே அந்த 24 லட்சம் 21 லட்சத்துக்குக் கீழே வந்துவிடும், வரிக்கு முன்பே.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது வேறொன்று. 6 சதவீதத்திலிருந்து 11 வரை சந்தை எப்படிப் போனாலும் லோன் வழியின் முடிவு 16.3 லட்சத்துக்கும் 18.1 லட்சத்துக்கும் நடுவிலேயே நிற்கிறது. ஃபண்ட் வழியோ 11.2-லிருந்து 21.6 வரை ஆடுகிறது. நன்றாகப் போனால் 3.5 லட்சம் கூடுதல், மோசமாகப் போனால் 5 லட்சம் குறைவு. பதினைந்து வருடத்தில் பங்குச் சந்தை 9.4-ஐத் தாண்டும் வாய்ப்பு நல்லபடியாகவே இருக்கிறது என்பது என் கருத்தும்கூட. ஆனால் அதற்கு நடுவே ஃபண்டைத் தொடாமல் இருக்க வேண்டும். 2020 ஜனவரியில் 12,400-ஐத் தொட்ட நிஃப்டி, மார்ச் 23-ம் தேதி 7,600 அளவில் நின்றது. இரண்டே மாதம். அந்த மார்ச்சில் சம்பளமும் பாதியாகி, இஎம்ஐ தேதியும் வந்து நின்றவர்கள்தான் அடிமட்ட விலையில் யூனிட்டை விற்றார்கள். கடனை வைத்துக்கொண்டு பங்கில் போடுவதில் உள்ள ஆபத்து சந்தை விழுவது மட்டும் இல்லை. விழுந்த நேரத்தில் தவணைக்காக விற்க நேர்வதுதான் பெரிய ஆபத்து.

லோன் வழியிலும் ஓர் ஓட்டை உண்டு. 122-வது மாதம் லோன் முடிந்ததும் 24,472 ரூபாய் மாதாமாதம் கையில் நிற்கும். அதைத் தொடர்ந்து முதலீட்டில் போடாமல் கார் தவணைக்குத் திருப்பினால் மேலே சொன்ன 17, 18 லட்சம் எதுவும் இருக்காது. அப்போது கிடைத்தது ஐந்து வருடம் முன்பே வந்த நிம்மதியும் ஒரு காரும்தான். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதை ஃபண்டின் 21 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பேசக்கூடாது.

இனி உங்கள் 8.4 சதவீதத்துக்கு வருகிறேன். 5 லட்சத்தை எங்கே போடுவது என்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இதுதான், ஆனால் பெரும்பாலோர் கடைசியில் பார்ப்பது. 2025-ல் மட்டும் ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.25-க்கு இறக்கியது. ரெப்போவோடு நேரடியாகக் கட்டப்பட்ட லோனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டி மாறியாக வேண்டும். உங்கள் லோன் இன்னும் 8.4-ல் இருக்கிறது என்றால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். வங்கி தன் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் பழைய எம்சிஎல்ஆர் கணக்கில் அது ஓடுகிறது, அல்லது ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் ஸ்ப்ரெட் உங்களுக்கு அதிகம், அல்லது வங்கியில்லாமல் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கிய லோன். எதுவாக இருந்தாலும் கிளைக்குப் போய், புதிதாக லோன் வாங்குபவருக்கு இன்று என்ன விகிதம் என்று கேளுங்கள். பிறகு அந்த விகிதத்துக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கன்வர்ஷன் கட்டணமாக ஒரு தொகையும் அதற்கு ஜிஎஸ்டியும் கேட்பார்கள். எவ்வளவு என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7.5 சதவீதத்துக்கு இறக்கித் தந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐயை மாற்றாமல் 24,472-ஆகவே விட்டால், அசலில் ஒரு ரூபாய்கூட முன்கூட்டிக் கட்டாமலே லோன் 164 மாதத்தில் முடியும். கட்டணம் சில ஆயிரம், குறைவது 16 மாதம். வேறு வங்கிக்கு லோனை மாற்றுவதும் ஒரு வழிதான். ஆனால் மலையில் அது சமவெளியைப் போலச் சுலபம் இல்லை. புது வங்கி மறுபடியும் லீகல், வேல்யுவேஷன் இரண்டும் பார்க்கும். கட்டட அனுமதி, வரைபடம், பட்டா என்று கோப்பில் ஒரு தாள் குறைந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். ஆகவே முதலில் இருக்கும் இடத்திலேயே பேசுங்கள். வட்டி இறங்கினால் சமமாகும் எல்லையும் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம், 7.5-ல் அது எட்டேகால், எட்டரைப் பக்கம் வந்துவிடும், ஃபண்டின் பக்கம் கொஞ்சம் சாயும். லோனில் கட்டிய பணத்தின் வருமானமும் பதினைந்து வருடத்துக்கு நிலையானது இல்லை. ஃப்ளோட்டிங் வட்டி ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும்.

அடுத்தது, லோனில் கட்டிய பணம் திரும்பி வராது என்பது. டாப்-அப் லோன் கேட்கலாம். ஆனால் வருமானச் சான்று, மதிப்பீடு என்று திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டும், அதுவும் பணம் அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில். உங்கள் நிலைமையில் இதற்குக் கூடுதல் எடை தருவேன். பச்சைத் தேயிலை விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வறட்சியும் சேர்ந்து கொழுந்தே குறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவர் சரிந்தால் அதை அடுத்த சம்பளம் வரை தள்ளிப்போட முடியாது. பெரிய மருத்துவச் செலவு என்றால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இதற்கெல்லாம் கையில் பணம் இல்லாமல் 5 லட்சத்தையும் லோனில் கொட்டிவிட்டால், அடுத்த மாதமே 12, 14 சதவீதத்தில் பர்சனல் லோன் எடுக்க நேரிடும். 8.4-ஐ அடைக்கப் போய் 14-ஐ வாங்கிய கதையாகிவிடும்.

ஆறு மாத இஎம்ஐ சுமார் 1.47 லட்சம். ஏற்கெனவே இந்த அளவுக்கு வேறு சேமிப்பு இல்லையென்றால், 5 லட்சத்தில் 1.5 லட்சத்தைத் தனியாக வையுங்கள். சேமிப்புக் கணக்கோடு இணைந்த ஸ்வீப் டெபாசிட்டிலோ, இடையில் உடைக்கக்கூடிய எஃப்டியிலோ இருந்தால் போதும். இந்தத் தொகைக்கு வருமானம் குறைகிறதே என்று வருந்த வேண்டாம், அது இன்சூரன்ஸ் பிரீமியம் போல.

மீதி 3.5 லட்சத்தை லோனில் கட்டினால் 8.4 சதவீதத்திலேயே 43 மாதம் குறையும், லோன் 137 மாதத்தில் முடியும். வட்டியையும் 7.5-க்கு இறக்கிக்கொண்டு 3.5 லட்சம் கட்டினால் 128 மாதம். அதாவது 52 மாதம் குறைகிறது, 1.5 லட்சம் கையிலும் இருக்கிறது. வட்டியைப் பற்றிக் கேட்காமல் 5 லட்சத்தையும் கட்டியிருந்தால் குறைந்திருப்பது 58 மாதம். ஆறு மாத வித்தியாசத்துக்காகக் கையைக் காலியாக்க வேண்டியதில்லை. நீங்கள் விவரித்த நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது இந்த வரிசைதான்: முதலில் வட்டி, பிறகு கையிருப்பு, மீதி லோனுக்கு. பங்கு ஃபண்டில் ஆர்வம் இருந்தால் மாதச் சேமிப்பிலிருந்து ஒரு சிறு எஸ்ஐபி போடுங்கள், இந்த மொத்தத் தொகையிலிருந்து வேண்டாம்.

உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரு வரி போதும். வட்டி விகிதம், இஎம்ஐ, முன்கூட்டிக் கட்டிய பிறகு உள்ள பாக்கி ஆகிய மூன்றையும் மாற்றிக்கொள்ளலாம். இஎம்ஐக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி இல்லையென்றால் விடை தவறாக வரும்.

```
=NPER(8.4%/12, -24472, 2000000)
```

இது 121.68 என்று காட்டும். அதாவது 121 முழுத் தவணை, 122-வது மாதம் ஒரு குறைத் தவணை.

காலத்தைக் குறைப்பதா, இஎம்ஐயைக் குறைப்பதா என்பதில் வட்டிக் கணக்கைப் பார்க்க வேண்டாம் என்று மேலே சொன்னேன். வருமானத்தைப் பாருங்கள். பள்ளிச் சம்பளத்திலேயே 24,472 சிரமமில்லாமல் போய்விடுகிறது என்றால் காலத்தைக் குறையுங்கள். யாரும் கட்டாயப்படுத்தாமலே சேமிப்பு நடந்துவிடும். தேயிலை வருமானம் வராத மாதங்களில் இஎம்ஐ இடிக்கிறது என்றால் இஎம்ஐயைக் குறைத்து வாங்குங்கள். கொழுந்து நன்றாக வரும் மாதங்களில் அந்த வித்தியாசத்தை நீங்களாகவே லோனில் கட்டிக்கொள்ளலாம். அப்படி விடாமல் கட்டிவந்தால் முடிவு ஒன்றேதான். ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. யாராவது கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு முறைக்குக் குறைந்தது இவ்வளவு கட்ட வேண்டும், ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்று சில இடங்களில் நடைமுறை வைத்திருப்பார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படி ஏற்ற இறக்கமாக வருமானம் வருபவர்களுக்குச் சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் வகை ஹோம் லோன் இருக்கிறது. கூடுதல் பணத்தை அதோடு இணைந்த கணக்கில் போட்டால் அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் சற்று அதிகமாக இருக்கும். கால் சதவீதம் அதிகம் என்றால் 25 லட்சத்துக்கு வருடம் 6,250 ரூபாய். பெரிய தொகை நிரந்தரமாக அந்தக் கணக்கில் கிடந்தால்தான் இது கட்டுபடியாகும். ஐம்பதாயிரம், ஒரு லட்சத்துக்காக மாற வேண்டாம்.

வங்கியில் பணம் கட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் குளறுபடி நடக்கும். லோன் கணக்குக்கு நெட்பேங்கிங்கில் 3.5 லட்சம் அனுப்பிவிட்டு அப்படியே விட்டால், சில இடங்களில் அதை முன்பணத் தவணையாக எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த இஎம்ஐகளில் கழித்துக்கொள்வார்கள். அப்போது அசல் குறையாது. ‘அசலில் பகுதி முன்கட்டணம், இஎம்ஐ மாற்றமில்லை, காலம் குறைக்க வேண்டும்’ என்று எழுதி, லோன் கணக்கு எண்ணோடு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள். இஎம்ஐ தேதிக்கு முந்தின ஓரிரு நாளில் கட்ட வேண்டாம். அன்று தானியங்கித் தவணையும் சேர்ந்து ஓடினால் எது எதில் கழிந்தது என்று பிரிப்பதே வேலையாகிவிடும். தவணை போன மறுநாள் கட்டுவது சுத்தமாக இருக்கும்.

சரியாகக் கழிந்ததா என்பதை அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் ஒரே வரியில் பார்த்துவிடலாம். இப்போது உங்கள் 24,472-ல் வட்டிப் பங்கு 17,500, அசல் பங்கு 6,972. 3.5 லட்சம் அசலில் கழிந்திருந்தால் அடுத்த தவணையில் வட்டி 15,000 அளவுக்கு இறங்கி, அசல் 9,400 பக்கம் ஏறியிருக்க வேண்டும். சில வங்கிகள் நாள் கணக்கில் வட்டி போடுவதால் 31 நாள் மாதத்தில் சில நூறு கூடும், பிப்ரவரியில் ஆயிரத்துக்கு மேல் குறையும். அது பிழை இல்லை. வட்டி இன்னும் 17,000-க்கு மேலேயே நிற்கிறது என்றால் பணம் அசலில் போகவில்லை. அன்றே கிளையில் கேளுங்கள், பழைய தேதியிலிருந்து சரிசெய்யச் சொல்லுங்கள். கூடவே ஒவ்வொரு தவணையிலும் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று காட்டும் புதிய அமார்ட்டைசேஷன் அட்டவணையும் வாங்கி, கடைசித் தவணைத் தேதி முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இஎம்ஐயைக் குறைத்து வாங்கியவர்கள், வங்கிக் கணக்கிலிருந்து போகும் தொகை உண்மையிலேயே குறைந்ததா என்று பார்க்க வேண்டும். பழைய தொகைக்கான உத்தரவு அப்படியே ஓடுவதும் நடக்கும்.

வட்டி ஏறும் காலத்திலும் இந்த அட்டவணையை ஒருமுறை கேட்டு வாங்குங்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4-லிருந்து 6.5-க்கு ஏறியபோது, இஎம்ஐ மாறாமல் தவணைக் காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டுபோன லோன்கள் ஏராளம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, பகுதியாக முன்கூட்டிக் கட்டுவதா என்று கடன் வாங்கியவரைத் தேர்வு செய்ய விட வேண்டும் என்று உத்தரவிட்டது. பணம் கட்டி வாங்கிய 43 மாதம், பின்னொரு வட்டி ஏற்றத்தில் தெரியாமலே கரைந்துபோகலாம்.

கடைசியாக, பழைய வரி முறையில் இருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. உங்கள் லோனையே எடுத்துக்கொள்வோம். முதல் வருட வட்டி 2.07 லட்சம். 5 லட்சம் கட்டினால் அது 1.63 லட்சமாகும். வட்டியில் சுமார் 43,700 மிச்சம், ஆனால் கழிவில் 37,000 போய்விடுகிறது. 30% வரி அடுக்கில் இருப்பவருக்கு அதனால் 11,500 கூடுதல் வரி. நிகர மிச்சம் 32,000, அதாவது 5 லட்சத்துக்கு 6.4%. பிந்தைய வருடங்களில் வட்டி முழுவதுமே 2 லட்சத்துக்குள் வந்துவிடுவதால் இது 5.8 சதவீதத்துக்கு இறங்கும். அவருக்கு ஃபண்ட் தாண்ட வேண்டிய எல்லை மிகவும் தாழ்வு, அவசரப்பட்டு லோனை அடைக்கத் தேவையில்லை. அதே மனிதருக்கு வருட வட்டி 3.5 லட்சம் என்றால் கதை வேறு. 2 லட்சத்துக்கு மேல் உள்ள 1.5 லட்சத்துக்கு எந்தக் கழிவும் இல்லாததால், அந்தப் பகுதியை அடைக்கும் வரை அவருக்கும் முழு 8.4 சதவீதமே கிடைக்கும். அவர் அந்த அளவுக்கு மட்டும் கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் புதிய முறையிலும் வாடகை வருமானத்தில் வட்டியைக் கழிக்க முடியும். ஆனால் வாடகையைவிட வட்டி அதிகமாகி வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.